ஷிப்டு மாறும் வீட்டில் இருவருக்கான பத்து நிமிடம்

கேள்வி: எனக்கு 32 வயது. செங்கல்பட்டில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. காலை 8.15-க்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு 7.45 ஆகிவிடும். கணவர் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். வாரத்துக்கு ஒரு ஷிப்டு. ஃபர்ஸ்ட் ஷிப்டு என்றால் விடியற்காலை 4.45-க்குக் கம்பெனி பஸ்; ஓ.டி. பார்த்துவிட்டு மாலை 7 மணிக்கு வருவார். செகண்ட் ஷிப்டில் மதியம் 1.15-க்குப் போய் நள்ளிரவு 12.15-க்கு வருவார். நைட் ஷிப்டில் இரவு 9.45-க்குப் போய்க் காலை 7.15-க்கு. யூகேஜி படிக்கும் மகளை மாமியார் பார்த்துக்கொள்கிறார். எங்களுக்குள் பெரிய சண்டை எதுவும் இல்லை. ஆனால் பேசுவதெல்லாம் பால் வாங்கியாச்சா, வேன் ஃபீஸ் கட்டியாச்சா என்பதோடு முடிந்துவிடுகிறது. தினமும் இரவு 9 மணிக்கு அரை மணி நேரம் பேசுவது என்று முடிவு செய்தோம். ஒரு வாரம் நடந்தது, அடுத்த வாரமே நின்றுவிட்டது. மெசேஜ் போட்டால் மூன்று மணி நேரம் கழித்துத்தான் பதில் வருகிறது. ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி இருக்கிறோம். என்ன செய்யலாம்?

பதில்:

உங்கள் திட்டம் ஏன் நின்றது என்பதற்கான காரணம் நீங்கள் எழுதிய நேரக்கணக்கிலேயே இருக்கிறது. இரவு 9 மணிக்கு அவர் ஃபர்ஸ்ட் ஷிப்டு வாரத்தில் வீட்டில் இருக்கிறார். ஆனால் நான்கு மணிக்கு எழுந்தவர், கண் சொருகும் நேரம் அது. செகண்ட் ஷிப்டில் அப்போது அவர் லைனில் நிற்கிறார். நைட் ஷிப்டிலோ டிபன் பாக்ஸும் ஐ.டி. கார்டும் எடுத்துக்கொண்டு கிளம்பும் அவசரம். ஆக மூன்று வாரத்தில் ஒரு வாரம்தான் அந்த ஒன்பது மணி உங்களுக்குச் சொந்தம், அதுவும் அரைத் தூக்கத்தில். இதை அக்கறைக் குறைவு என்று இருவரும் மனதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஷிப்டு வேலை பார்க்கும் தம்பதிகள் என்னிடம் வரும்போது பாதிப் பேர் இதே இடத்தில்தான் தடுமாறியிருப்பார்கள்.

வாரா வாரம் கடிகாரம் மாறும். ஆனால் எந்த ஷிப்டாக இருந்தாலும் ஒருவர் கிளம்புவார், ஒருவர் வீடு திரும்புவார், ஒருவர் கடைசியாக விளக்கை அணைப்பார். உங்கள் பழக்கங்களை இந்த மூன்று தருணங்களோடு சேர்த்துக் கட்டுங்கள். மணி எத்தனை என்பது பொருட்டில்லை. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், புதுப் பழக்கம் ஒன்றை 'காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு' என்பது போல ஏற்கெனவே நடக்கும் ஒரு செயலோடு இணைத்துப் பார்த்தார்கள். அது தானாக நடக்கும் பழக்கமாக மாற நடுவாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. உங்கள் வீட்டில் மூன்று ஷிப்டும் ஒரு சுற்று வர 21 நாள். அதனால் ஒரு வாரம் பார்த்துவிட்டு 'நடக்கவில்லை' என்று முடிவுகட்டாதீர்கள். மூன்று சுற்றாவது போகட்டும்.

மூன்றில் அதிகக் கவனம் வேண்டியது வீடு திரும்பும் நேரம். கிளம்பும் நேரத்துக்கு ஒரே ஒரு விஷயம் போதும்: அன்றைக்கு மற்றவருக்கு என்ன இருக்கிறது என்று ஒன்றாவது தெரிந்துகொண்டு கிளம்புவது. 'இன்னைக்கு ஆடிட் வர்றாங்க' என்று நீங்கள் சொல்லியிருந்தால், அன்று பார்க்கும்போது 'ஆடிட் எப்படிப் போச்சு' என்று கேட்க அவருக்கு ஒரு பிடி கிடைக்கும். செகண்ட் ஷிப்டு வாரத்தில் அது மறுநாள் காலையாக இருந்தாலும் கேட்கட்டும். 'எப்படி இருந்தது நாள்?' என்ற பொதுக் கேள்விக்கு எல்லா வீட்டிலும் 'ம், போச்சு' என்பதுதான் பதில்.

இப்போது திரும்பி வரும் நேரம். வாசலில் செருப்பைக் கழற்றிய அடுத்த நிமிடம் உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மகள் ஓடி வருவாள், அத்தை கேஸ் தீர்ந்த கதையைச் சொல்வார், நீங்களோ அவரோ ஃபீஸ் விஷயத்தை எடுப்பீர்கள். கேள்விகள் எல்லாமே நியாயமானவைதான். ஆனால் வந்தவரின் உடம்பு இன்னும் லைனிலோ கவுன்டரிலோ இருக்கிறது. ரெனா ரெபெட்டி என்ற உளவியலாளர் 1989-ல் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. வேலைப்பளு அதிகமான நாட்களில் அவர்கள் வீட்டில் ஒதுங்கி, பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். அன்று கோபத்தைக் காட்டியதும் குறைவு. அதாவது அந்த மௌனம் மனைவி மேல் உள்ள வெறுப்பு அல்ல, உடம்பும் மனமும் கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கொள்ளும் முறை. நம் வீடுகளில் இந்த மௌனத்தைத்தான் 'என்கிட்ட பேசக்கூடப் பிடிக்கல' என்று படித்துவிடுகிறோம்.

அதனால் யார் திரும்பி வந்தாலும் இப்படிச் செய்து பாருங்கள். முதலில் இரண்டு நிமிடம் வரவேற்பு மட்டும்: கையில் இருக்கும் போனையோ கரண்டியையோ வைத்துவிட்டு எழுந்து வருவது, முகத்தைப் பார்ப்பது, தோளில் ஒரு கை, ஒரு டம்ளர் தண்ணீர். அத்தையும் குழந்தையும் இருக்கும் கூடத்தில் இதற்கு மேல் நெருக்கம் காட்ட உங்களுக்குக் கூச்சமாக இருக்கலாம். அந்தக் கை போதும். அப்புறம் இருபது நிமிடம் வந்தவரை விட்டுவிடுங்கள். குளிக்கட்டும், உடை மாற்றட்டும், சும்மா உட்காரட்டும். அந்த இருபது நிமிடத்தில் குழந்தையை மற்றவர் பார்த்துக்கொள்ள வேண்டும். இதுதான் பல வீடுகளில் நழுவும் இடம். ஆண் வந்தால் இருபது நிமிடம் கிடைக்கும். பெண் வந்தால் நேராகச் சமையலறைதான். உங்கள் 7.45-க்கும் அதே இருபது நிமிடம் உண்டு. அவர் வீட்டில் இருக்கும் வாரங்களில் தோசைக்கல்லை அவர் பார்த்துக்கொள்ளட்டும். இதை அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், மனதில் வைத்துக்கொண்டு பின்னால் வெடிக்க வேண்டாம்.

பேச்சு அதற்குப் பிறகுதான். ஆளுக்கு ஐந்து நிமிடம், மொத்தம் பத்து. அரை மணி நேரம் வேண்டாம்; அதைக் கண்டு களைத்த மனம் மலைத்துப்போகும். பேசுபவர் அன்றைய நாளில் வீட்டுக்கு வெளியே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கேட்பவர் வழி சொல்லக் கூடாது, கேட்கப்பட்டால் ஒழிய. சந்தேகமாக இருந்தால் நேராகவே கேளுங்கள்: 'என்ன பண்ணலாம்னு கேட்கறியா, சும்மா சொல்றியா?' இந்த ஒரு கேள்வி என் அனுபவத்தில் நிறைய சண்டைகளைத் தடுத்திருக்கிறது.

ஒரு மாலையை அருகில் வைத்துப் பார்ப்போம். அவர் சொல்கிறார்: 'இன்னைக்கு லைன் ரெண்டு மணி நேரம் நின்னுடுச்சு.' நீங்கள் 'அப்படியா, சரி, வேன் ஃபீஸ் அனுப்பிட்டீங்களா?' என்றால் அவர் அடுத்த முறை லைன் நின்றதைச் சொல்லமாட்டார். 'ஐயோ, ஏன்? மேல இருக்கிறவங்க உங்களைப் பிடிச்சுக்கிட்டாங்களா?' என்றால் இன்னும் நான்கு வாக்கியம் வரும். இதுவே உங்கள் பக்கம்: 'கேஷ்ல ஐநூறு ரூபாய் இடிச்சுது, எண்ணி எண்ணி ஆறரை ஆயிடுச்சு.' அவர் 'சரியா எண்ணியிருக்க மாட்ட' என்றால் முடிந்தது கதை. 'கைக்காசு போட்டியா? பதறியிருப்பியே' என்றால் ஐநூறு திரும்பக் கிடைக்காவிட்டாலும் உங்கள் நாள் கொஞ்சம் இலேசாகும்.

அமெரிக்காவில் ஜான் காட்மன் என்ற உளவியலாளர் புதுமணத் தம்பதிகளைக் கவனித்து, ஆறு ஆண்டு கழித்து அவர்களில் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தார். சேர்ந்திருந்தவர்கள், துணை இப்படிச் சின்னதாக அழைத்தபோது 100-க்கு 86 முறை காது கொடுத்திருந்தார்கள். பிரிந்தவர்கள் 33 முறைதான். 'பஸ்ல இன்னைக்குச் செம கூட்டம்' என்பதுகூட அத்தகைய அழைப்புதான். எண்களை உங்கள் வீட்டில் வைத்து எண்ண வேண்டாம், ஆனால் இந்தச் சின்ன வாக்கியங்கள் வரும்போது தலை திரும்புகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

பால், ஃபீஸ், கேஸ் எல்லாம் எங்கே போகும்? அவற்றுக்கு வேறு இடம் வேண்டும். வாட்ஸ்அப்பில் நீங்கள், அவர், அத்தை மூவரும் இருக்கும் ஒரு குழுவைத் தொடங்கி 'வீட்டு வேலை' என்று பெயர் வையுங்கள். வாங்க வேண்டியது, கட்ட வேண்டியது எல்லாம் அதில்தான். அத்தைக்கு டைப் செய்ய வராது என்றால் வாய்ஸ் அனுப்பட்டும். உங்கள் இருவரின் தனிச் சாட்டில் இனி பால் கணக்கு வரக் கூடாது. இப்போது அவர் போனில் உங்கள் பெயர் ஒளிர்ந்தாலே ஏதோ வேலை வந்திருக்கிறது என்று அவர் மனம் பழகியிருக்கும். அது மாற இரண்டு மூன்று வாரமாவது ஆகும்.

அந்த மூன்று மணி நேரத் தாமதத்தைப் பற்றி அவரிடமே ஒருமுறை கேளுங்கள். அந்தப் பகுதித் தொழிற்சாலைகள் பலவற்றில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குள் போக முடியும். டீ பிரேக்கிலும் சாப்பாட்டு இடைவேளையிலும்தான் அது கைக்கு வரும். அவர் இடத்திலும் அப்படியானால் உடனடிப் பதில் என்ற எதிர்பார்ப்பை எடுத்துவிட்டு, அந்த இடைவேளைக்கென்றே ஒன்றை அனுப்பி வையுங்கள். ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ். அதில் கேள்வி இருக்கக் கூடாது, வேலை இருக்கக் கூடாது. அன்று பார்த்த ஒன்று போதும். கிளைக்குப் பென்ஷன் வாங்க வந்த தாத்தா உங்களுக்கு முறுக்குப் பொட்டலம் நீட்டியது, மகள் காலையில் சொன்ன பொய். அவர் சாப்பிடும்போது காதில் வைத்துக் கேட்பார். பதில் அன்றே வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நீல டிக் வந்ததா என்று பார்ப்பதையும் விட்டுவிடுங்கள்.

இனி உங்கள் மூன்று வாரங்கள். ஒவ்வொரு வாரத்திலும் தெம்பாக இருப்பவர் வேறு வேறு ஆள், அதைக் கவனியுங்கள். நைட் ஷிப்டு வாரத்தில் அவர் பகலில் தூங்கி எழுந்திருப்பார், நீங்கள் 7.45-க்குக் களைத்து வருவீர்கள். அந்த வாரம் அவர் முதலில் கேட்பவர். 8.45 வாக்கில், சாப்பாடு முடிந்து அத்தை மகளைத் தூங்க வைக்கப் போனதும், மொட்டை மாடியிலோ வாசல் படியிலோ பத்து நிமிடம். அதன் பிறகு அவர் கிளம்பத் தயாராகலாம். காலை 7.15-க்கு அவர் வரும்போது அந்த இரண்டு நிமிட வரவேற்பு மட்டும். இரவு முழுக்க விழித்தவரிடம் அந்த நேரத்தில் பணம், சொந்தக்காரர், பள்ளி எதையும் எடுக்காதீர்கள். பேச்சு சரியாக அமையாது, அவர் தூக்கமும் தள்ளிப்போகும்.

ஃபர்ஸ்ட் ஷிப்டு வாரத்தில் இருவருமே களைத்திருப்பீர்கள். 9.30-க்குள் அவர் படுத்தால்தான் நான்கு மணிக்கு எழ முடியும். ஆகவே அந்த வாரம் பத்து நிமிடத்தை ஐந்தாக்கிக்கொள்ளலாம். சாப்பிட்ட தட்டுகளை இருவரும் சேர்ந்து கழுவும் நேரம் போதும். கை வேலை செய்துகொண்டிருக்கும்போது பேச்சு எளிதாக வரும் ஆண்கள் நிறைய பேர். எதிரே உட்கார வைத்தால் அவர்களுக்கு விசாரணை மாதிரி தோன்றும்.

கடினமானது செகண்ட் ஷிப்டு வாரம். பலர் இங்கே செய்யும் தவறு, மனைவி நள்ளிரவு வரை விழித்திருப்பது. இரண்டு நாள் அது பாசமாக இருக்கும், மூன்றாம் நாள் கவுன்டரில் தலை சுற்றும், நான்காம் நாள் 'உங்களுக்காகத்தான் முழிச்சிருந்தேன்' என்ற வார்த்தை வெளியே வரும். நீங்கள் தூங்கிவிடுங்கள். அவரும் காலை ஆறரைக்கு எழ வேண்டாம். ஒரு மணிக்குப் படுப்பவருக்கு ஐந்தரை மணித் தூக்கம் போதாது. குழந்தையின் வேன் போன பிறகு, நீங்கள் கிளம்பும் முன் இருக்கும் கால் மணி நேரத்துக்கு எழுந்தால் போதும். இருவருக்கும் காபி, போன் உள்ளே. நீங்கள் போன பிறகு தூக்கம் வந்தால் அவர் மறுபடி படுக்கலாம், ஒரு மணி வரை நேரம் இருக்கிறது.

இந்த வாரத்துக்காக என்னிடம் வந்த ஒரு தம்பதி தாங்களாகவே ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் வீட்டிலும் சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. நள்ளிரவில் வரும் கணவர், நாள் மாறிவிட்டதால் முந்தைய நாளின் தாளைக் கிழிப்பார். அதன் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதி, மூடி வைத்த சாப்பாட்டை உண்டபின் அந்த மேசையிலேயே தட்டின் கீழ் வைத்துவிட்டுப் படுப்பார். 'புதுப் பையன் ஒருத்தன் சேர்ந்திருக்கான், பயந்து பயந்து பேசறான்.' 'ரசம் நல்லா இருந்துச்சு, கத்திரிக்காய் வேகல.' காலையில் அடுப்பைப் பற்றவைக்கும் முன் மனைவி அதைப் படித்துவிட்டு, கீழே தன் வரியைச் சேர்ப்பார். காலண்டர் தாளில் இடம் குறைவு என்பதுதான் அதன் சௌகரியம். யாரும் பெரிதாக எழுத வேண்டியதில்லை, புகாரும் அதில் கொள்ளாது. உங்களுக்கு இது பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உங்களுக்கென்று ஒன்று கிடைக்கும்.

எது கெடும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் வாத்தியார் ஆகி, 'இன்னைக்குப் பேசவே இல்ல, ஞாபகம் இருக்கா?' என்று வருகைப்பதிவு எடுக்க ஆரம்பித்தால் மற்றவர் ஒதுங்க ஆரம்பிப்பார். தவறிய நாளை ஈடுகட்ட அடுத்த நாள் இருபது நிமிடம் என்று கணக்குப் போடாதீர்கள், விட்டுவிட்டு அடுத்த நாளிலிருந்து தொடருங்கள். இன்னொன்று, தீராத விஷயங்களைப் பத்து நிமிடத்துக்குள் நுழைப்பது. வீட்டு லோன், அத்தையோடு வரும் உரசல், இரண்டாவது குழந்தை, இவையெல்லாம் பேச வேண்டியவைதான். அவற்றை இருவரும் தூங்கி எழுந்திருக்கும் ஒரு வார விடுமுறைப் பகலில் பேசுங்கள். தினசரிப் பேச்சு சண்டையில் முடியும் என்ற பயம் ஒருமுறை வந்துவிட்டால் இருவரும் போனுக்குள் ஒளிந்துகொள்வீர்கள்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? 'நெருக்கமாக உணர்கிறோமா' என்று தினமும் அளக்காதீர்கள். ஒரு சுற்று முடிந்ததும் இதை மட்டும் பாருங்கள்: அவர் தொழிற்சாலையில் இப்போது யாரோடு உரசல், உங்கள் கிளையில் யார் மாற்றலாகிப் போகிறார் என்று இருவருக்கும் தெரிகிறதா? கேட்காமலே ஒருவர் எதையாவது சொல்ல ஆரம்பித்திருக்கிறாரா? ஆம் என்றால் சரியான வழியில் போகிறீர்கள்.

இதற்கு ஒரு எல்லையும் உண்டு. மூன்று சுற்று போன பிறகும் அவர் அல்லது நீங்கள், விடுமுறை நாளில்கூட, முன்பு பிடித்த எதிலும் நாட்டமின்றி, தூக்கமும் பசியும் கெட்டு, எரிச்சலோ அழுகையோ அடிக்கடி வந்து, அல்லது குடி கூடிக்கொண்டே போனால், அது பத்து நிமிடப் பேச்சால் சரியாகும் விஷயம் இல்லை. அரசு மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பார்க்கலாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. ஷிப்டு முடிந்து நள்ளிரவில் அழைத்தாலும் எடுப்பார்கள்.

தொடங்குவதற்கு நைட் ஷிப்டு வாரம் வசதி, ஏனென்றால் அதில்தான் உங்களுக்கு மாலையில் இரண்டு மணி நேரம் சேர்ந்து கிடைக்கிறது. அதற்கு முந்தைய ஞாயிறு காலண்டரை எடுத்துவைத்துக்கொண்டு வரப்போகும் மூன்று வாரத்தின் ஷிப்டுகளைக் குறியுங்கள். ஒவ்வொரு வாரத்துக்கும் 'பேச்சு எப்போது, எங்கே, அந்த நேரம் பாப்பா யாரிடம்' என்ற மூன்றையும் எழுதுங்கள். அத்தையிடமும் அன்றே சொல்லிவிடுங்கள்: 'சாப்பாடு முடிஞ்சதும் பத்து நிமிஷம் பாப்பாவைப் பார்த்துக்கறீங்களா அத்தை, இவர்கிட்ட கொஞ்சம் பேசணும்.' சொல்லாமல் மாடிக்குப் போனால் அவர் வேறு மாதிரி நினைத்துக்கொள்ளக்கூடும். சொல்லிவிட்டால், பெரும்பாலான மாமியார்கள் 'போயிட்டு வாங்க' என்றுதான் சொல்வார்கள்.